பந்து காற்றில் ஏன் வளைகிறது, தரையில் பட்டதும் ஏன் திரும்புகிறது?

ஒருநாள் போட்டிகளில் 2011 அக்டோபர் முதல் முனைக்கு ஒன்றாக இரண்டு புதிய பந்துகள் பயன்பட்டு வந்தன. 2025 ஜூலையில் ஐசிசி அந்த விதியை மாற்றியது. இப்போது முதல் 34 ஓவர்களுக்குத்தான் இரண்டு பந்துகள். 35-ஆவது ஓவரிலிருந்து அவற்றில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே வீச வேண்டும். இரண்டு பந்துகள் இருந்தவரை 50 ஓவர் முடிந்தாலும் ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் பழகியிருக்கும். இப்போது கடைசிப் பந்து வீசப்படும்போது அது 33 ஓவர் பழகிய பந்து. எட்டு ஓவர் கூடுதலாக அடிபட்டால், பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங் திரும்ப வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

பழைய பந்து புதிய பந்தைவிட எப்படி ஆபத்தானதாக முடியும்? இதைப் புரிந்துகொள்ள, வர்ணனையாளர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகப்பந்து காற்றில் வளைவது காற்றழுத்த வேறுபாட்டால். சுழற்பந்து தரையில் பட்டுத் திரும்புவது உராய்வால். இந்த இரண்டு விசைகளும் வேறுவேறு இடத்தில், வேறுவேறு காரணத்தால் பிறக்கின்றன. ஒன்றுக்குச் சாதகமான சூழல் மற்றொன்றுக்குப் பாதகமாகவும் இருக்கலாம்.

திசையைப் பற்றி ஒரு ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் இடது, வலது என்பதெல்லாம் பந்துவீச்சாளர் பார்வையில். எதிரே நிற்பவர் வலக்கை மட்டையாளர். அப்படியானால் ஆஃப் பக்கமும் ஸ்லிப்பும் இடப்புறம். லெக் பக்கம் வலப்புறம்.

## பந்தை ஒட்டிய மெல்லிய காற்று

பந்து காற்றைக் கிழித்துப் போகும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு காற்றுப் படலம் பந்தைத் தழுவிச் செல்கிறது. இதை எல்லைப் படலம் என்கிறார்கள். ஸ்விங்கின் கதை முழுவதும் இந்தப் படலத்துக்குள்தான் நடக்கிறது.

படலம் இரண்டு நிலைகளில் இருக்கலாம். ஒன்று சீரான ஓட்டம்: காற்று அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிச் செல்லும். மற்றொன்று கொந்தளிப்பான ஓட்டம்: சிறு சுழல்கள் உருவாகி, அடுக்குகள் கலந்து, வெளியே வேகமாகப் போகும் காற்றின் ஆற்றல் பந்தின் பரப்புவரை இறங்கும்.

பார்வைக்குச் சீரான ஓட்டம்தான் வலுவானது போலத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. பந்தின் பின்பாதியில் காற்று அழுத்தம் கூடிக்கொண்டே போகும். படலம் அதை எதிர்த்து முன்னேற வேண்டும். சீரான படலத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. பந்தின் பக்கவாட்டு உச்சிக்கு அருகிலேயே அது பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். கொந்தளிப்பான படலம் வெளிக்காற்றிலிருந்து ஆற்றல் பெற்றுக்கொண்டே இருப்பதால் இன்னும் பின்னால்வரை ஒட்டிச் சென்று, தாமதமாகப் பிரியும்.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிரிந்தால் பந்து நேராகப் போகும். ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் பிரிந்தால், பந்துக்குப் பின்னால் விடப்படும் காற்று ஒரு பக்கமாகச் சாயும். காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படும். எந்தப் பக்கத்தில் படலம் தாமதமாகப் பிரிகிறதோ அந்தப் பக்கம் நோக்கிப் பந்து வளையும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சாதாரண ஸ்விங், ரிவர்ஸ் ஸ்விங் இரண்டுக்கும் இதுவே சாவி.

## தையல் செய்யும் வேலை

கிரிக்கெட் பந்தின் நடுவே ஆறு வரிசைத் தையல் ஓடுகிறது. தோலின் பரப்பைவிட அது கொஞ்சம் மேலெழுந்து நிற்கும். அவுட்ஸ்விங் வீசுபவர் இந்தத் தையலை நேராகப் பிடிக்காமல், ஸ்லிப்பை நோக்கிச் சுமார் 20 டிகிரி சாய்த்துப் பிடிப்பார். பிறகு நடப்பது இது:

1. பந்தின் மூக்கில் மோதிய காற்று இரண்டாகப் பிரிந்து இடப்புறமும் வலப்புறமும் ஓடத் தொடங்குகிறது. தொடக்கத்தில் இரு பக்கமும் படலம் சீராகவே இருக்கிறது.

2. இடப்புறம் ஓடும் படலம் சற்று தூரத்திலேயே தையல்மேல் ஏறி இறங்க வேண்டும். அந்த மேடு அதைக் குலைத்துக் கொந்தளிப்பாக்கிவிடுகிறது. ஆகவே அது தாமதமாகப் பிரிகிறது.

3. வலப்புறத்தில் தையல் குறுக்கிடுவதில்லை. பளபளப்பான தோல்மேல் படலம் சீராகவே ஓடி, முன்னதாகவே பிரிந்துவிடுகிறது.

4. தாமதமாகப் பிரிந்த பக்கம் இடது. பந்து இடப்புறம், அதாவது தையல் காட்டும் ஸ்லிப்பை நோக்கி, வளைகிறது.

பந்தை வீரர்கள் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருப்பதன் பொருள் மூன்றாவது படியில் இருக்கிறது. பளபளப்பான பக்கத்தில் கீறலோ சொரசொரப்போ வந்தால் அங்கேயும் படலம் குலையும். இரு பக்க வேறுபாடு போய்விடும். பளபளப்பு பந்தைத் தள்ளுவதில்லை, ஒரு பக்கத்துப் படலம் சீராக இருக்கட்டும் என்று காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

தையல் 20 டிகிரி சாய்ந்தபடியே மட்டையாளர்வரை போய்ச் சேர வேண்டும் என்பது அடுத்த சிக்கல். தள்ளாடினால் மேடு ஒருகணம் இந்தப் பக்கம், மறுகணம் அந்தப் பக்கம் என்று மாறி எல்லாம் வீணாகும். இதற்குத்தான் பந்து கையை விடும் நேரத்தில் விரல்கள் தையலின் வழியாகவே பந்தைப் பின்னோக்கிச் சுழலவிடுகின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல அந்தச் சுழற்சி தையலை ஒரே கோணத்தில் நிறுத்துகிறது. ரபி மேத்தா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, 20 டிகிரிச் சாய்வும் நொடிக்குச் சுமார் 11 சுற்றுகளும் சேர்ந்தபோது பக்கவிசை மிக அதிகமாகக் கிடைத்தது. அப்போது பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கி.மீ.தான். மித வேகப் பந்துவீச்சாளர்கள் புதிய பந்தில் அதிவேகப் பந்துவீச்சாளர்களைவிட அதிகம் ஸ்விங் செய்வதில் வியப்பு எதுவும் இல்லை.

## 40 செ.மீ. வளைவு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில், ஏறக்குறைய யார்க்கர் அளவுக்கு முழு நீளத்தில் வந்து மட்டையைத் தொடும் அவுட்ஸ்விங்கர். இரண்டு பாப்பிங் கிரீஸ்களுக்கும் இடையே 17.68 மீட்டர். காற்றுத் தடையால் பந்து வழியில் வேகம் குறையும் என்பதால் பயண நேரம் சுமார் 0.57 நொடி. பந்தின் எடை கிட்டத்தட்ட 160 கிராம். பக்கவிசை அந்த எடையில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வீசப்பட்ட புதிய பந்துக்கு இது மிகையான எண் அல்ல.

விசை வழிநெடுக ஒரே அளவில் இருந்தால் விலகல் நேரத்தின் இருமடிப்படி கூடும். முழுப் பயணத்தில் விலகல் 40 செ.மீ. ஆனால் பாதி நேரம் கடந்தபோது பந்து விலகியிருப்பது 10 செ.மீ. மட்டுமே. மீதி 30 செ.மீ. இரண்டாம் பாதியில் நடக்கிறது.

மட்டையாளர் புதிதாக ஒன்றைக் கண்டு, அதற்கேற்ப மட்டையை நகர்த்த ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். இந்தப் பந்தின் கடைசி 0.2 நொடியில் நடக்கும் விலகல் 23 செ.மீ. மட்டையின் அதிகபட்ச அகலம் 10.8 செ.மீ. அதாவது இனி எதையும் மாற்ற முடியாத கட்டத்தில் பந்து இரண்டு மட்டை அகலத்துக்குமேல் நகர்கிறது. தொடக்கத்தில் தெரியும் சிறு வளைவைக்கொண்டு பந்து வரப்போகும் இடத்தை மட்டையாளர் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். தேர்ந்த மட்டையாளர்கள் மணிக்கட்டையும் தையலையும் உற்றுப் பார்ப்பது அதற்காகத்தான்.

"லேட் ஸ்விங்" என்று புகழப்படுவதில் பெரும்பகுதி இந்த வளைவின் வடிவமே என்பது என் கருத்து. பந்து கடைசி நேரத்தில் மனம் மாறுவதில்லை. முதலிலிருந்தே ஒரே விசையில் வளைந்துகொண்டுதான் வருகிறது. விளைவு கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. விதிவிலக்கும் உண்டு. மிக அதிக வேகத்தில் விடப்பட்ட பந்து வழியில் வேகம் குறைந்து, ஸ்விங்குக்கு உகந்த வேகத்துக்குள் இறங்கும்போது பக்கவிசை உண்மையிலேயே பாதியில் கூடலாம்.

## ரிவர்ஸ் ஸ்விங்: அதே தையல், எதிர்த் திசை

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தையலின் உதவி இல்லாமலே படலம் குலையத் தொடங்கும். புதிய பந்துக்கு அது மணிக்கு 140 கி.மீ.யையும் தாண்டிய வேகம். அந்த நிலையில் இரு பக்கமும் படலம் கொந்தளிப்பாகவே இருக்கிறது. தையல் இருக்கும் இடப்பக்கத்துப் படலமோ, தையலை அடையும் முன்பே கொந்தளிப்பாகிவிட்டது. இனி தையல் அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: மேடுபோல் தூக்கிவிட்டு, படலத்தைத் தடிமனாக்கிப் பலவீனப்படுத்துவது. பலவீனமான படலம் முன்னதாகப் பிரியும். வலப்புறத்தில் அந்த இடைஞ்சல் இல்லை. அங்கே படலம் தாமதமாகப் பிரியும்.

விதி மாறவில்லை. தாமதமாகப் பிரியும் பக்கம்தான் மாறியிருக்கிறது. தையல் ஸ்லிப்பைக் காட்ட, பந்து வலப்புறம் வளைந்து உள்ளே வருகிறது.

மணிக்கு 140 கி.மீ.யைத் தாண்டி வீசுபவர்கள் மிகச் சிலரே. பழைய பந்து உதவிக்கு வருவது இங்கேதான். ஒரு பக்கம் சொரசொரப்பாகிவிட்டால், அந்தச் சொரசொரப்பே படலத்தைக் குலைத்துவிடும். அத்தனை வேகம் தேவைப்படாது. 130 கி.மீ. வேகத்தில் வீசுபவருக்கும் ரிவர்ஸ் ஸ்விங் கைகூடும். நிபந்தனை: சொரசொரப்பான பக்கம் முன்னால், மட்டையாளரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அவுட்ஸ்விங் பிடியில் தையல் இடப்புறம் சாய்ந்திருப்பதால் வலப்பக்கப் பாதிதான் காற்றில் முதலில் மோதுகிறது. அந்தப் பாதி பளபளப்பாக இருந்தால் சாதாரண அவுட்ஸ்விங். பந்தைத் திருப்பிப் பிடித்து அந்தப் பாதியைச் சொரசொரப்பாக வைத்தால் ரிவர்ஸ். கை வீச்சு, தையலின் கோணம் எதுவும் மாறவில்லை. ஓடி வரும்போது பந்துவீச்சாளர்கள் மறுகையால் பந்தை மூடிக்கொண்டு வருவது எந்தப் பக்கம் பளபளப்பு என்பதை மறைக்கத்தான்.

"ரிவர்ஸ் ஆகும் பந்து பளபளப்பான பக்கம் போகும்" என்று தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்கிறோம். இது வேறொரு வகைக்குப் பொருந்தும் விளக்கம். தையல் சாயாமல் நேராக நின்று, ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் பளபளப்பு என்றிருக்கும் பந்து அதிக வேகத்தில் பளபளப்பான பக்கம் வளையும். குறைந்த வேகத்தில் சொரசொரப்பான பக்கம் வளையும். தையல் சாய்ந்த பந்துக்கு இந்தச் சூத்திரத்தைப் பொருத்தினால் திசை தவறிவிடும். அங்கே பார்க்க வேண்டியது, முன்னால் இருப்பது எந்தப் பாதி, தையல் எங்கே சாய்ந்திருக்கிறது என்ற இரண்டையும்தான்.

இந்தக் கலையைப் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்களே வளர்த்தெடுத்தார்கள். சர்ஃபராஸ் நவாஸ் 1979 மார்ச்சில் மெல்பர்னில் 33 பந்துகளில் 1 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரிடமிருந்து இம்ரான் கானுக்கும், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் ஆகியோருக்கும் இந்த வித்தை போனது. 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆலன் லாம்பையும் கிறிஸ் லூயிஸையும் அடுத்தடுத்த பந்துகளில் வாசிம் போல்டாக்கியதை அன்று பார்த்த பலருக்கும் பந்து என்ன செய்தது என்றே விளங்கவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் விரைவில் சொரசொரப்பாக்கும் ஆசைதான் பந்தைச் சேதப்படுத்தும் குற்றங்களுக்கெல்லாம் வேர். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் கேமரன் பான்கிராஃப்ட் உப்புத்தாளை மறைத்துவைத்துப் பிடிபட்டது இதற்காகவே. ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதத் தடை. பந்தை வியர்வையால் தேய்க்க அனுமதி உண்டு. எச்சிலுக்கு 2020-இல் கொரோனாவை ஒட்டித் தற்காலிகமாக விதிக்கப்பட்ட தடையை 2022-இல் ஐசிசி நிரந்தரமாக்கியது.

மேகமூட்டமாக இருந்தால் பந்து அதிகம் ஸ்விங் ஆகும் என்ற நம்பிக்கைக்கு இன்னும் உறுதியான விளக்கம் கிடைக்கவில்லை. "ஈரக்காற்று கனமானது" என்ற காரணம் நிச்சயமாகத் தவறு. நீராவி கலந்த காற்று, அதே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள உலர்ந்த காற்றைவிட லேசானது. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றுக் கலக்கம் மேகமூட்டத்தில் குறைவதால், பந்தின் பளபளப்பான பக்கத்துப் படலம் குலையாமல் இருக்கலாம் என்பது இருக்கிற விளக்கங்களில் ஓரளவு பொருத்தமானது.

## தரையைத் தொடும் கணம்

இனி சுழற்பந்து. இங்கே படலத்துக்குப் பதில் உராய்வைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு குழப்பத்தைத் தவிர்ப்போம். வேகப்பந்து தரையில் பட்டு இங்குமங்கும் விலகுவதும் உண்டு. அது தையல் எந்தக் கோணத்தில் தரையில் பட்டது என்பதைப் பொறுத்தது. எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் வீசியவருக்கே தெரியாது. அதை ஸ்விங் என்றோ சுழற்சி என்றோ சொல்லக் கூடாது.

ஒரு லெக் ஸ்பின்னர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் சுழலுமாறு வீசுகிறார் என்று கொள்வோம். நொடிக்கு 33 சுற்றுகள். பந்தின் சுற்றளவு சுமார் 22.6 செ.மீ. என்பதால் பந்தின் தோல் நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. சுழற்சி அச்சு பந்து போகும் திசையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் அடிப்பகுதி வலப்புறமாக 7.5 மீட்டர் வேகத்தில் வழுக்குகிறது. அதே நேரம் முழுப் பந்தும் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் முன்னோக்கி வழுக்குகிறது.

உராய்வு எப்போதும் வழுக்கலுக்கு எதிராகவே வேலை செய்யும். அடிப்பகுதி முன்னோக்கியும் வலப்புறமும் வழுக்குவதால் உராய்வு பந்தைப் பின்னோக்கியும் இடப்புறமும் தள்ளுகிறது. பின்னோக்கிய தள்ளலில் பந்து வேகம் இழக்கிறது. இடப்புறத் தள்ளலில் லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் திரும்புகிறது.

முக்கியமான ஒன்று இங்கே பலருக்கும் தெரிவதில்லை. உராய்வு கிடைப்பது ஒரே ஒரு அளவு. அதை முன்னோக்கிய வழுக்கலும் பக்கவாட்டு வழுக்கலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்னோக்கிய வேகம் கூடினால் உராய்வின் பெரும்பங்கு அதற்கே போய்விடும். திருப்பத்துக்குக் கிடைப்பது குறையும். எடுத்துக்காட்டாகச் சில கணக்குகள். பந்து துள்ளும் இடத்திலிருந்து மட்டைவரை 2.5 மீட்டர் என்று கொள்வோம். செங்குத்து வேகத்தில் பாதியோடு பந்து மேலெழுகிறது.

1. உராய்வு குறைவான தரை, உராய்வுக் குணகம் 0.3. பந்து நொடிக்கு 6.4 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கித் தரையில் படுகிறது. பக்கவாட்டில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் கிடைக்கிறது. முன்வேகம் 17-ஆகக் குறைகிறது. திருப்பம் சுமார் 15 செ.மீ.

2. அதே பந்து, காய்ந்து தேய்ந்த தரை, குணகம் 0.6. பக்கவேகம் 2 மீட்டர், முன்வேகம் 14.6. திருப்பம் சுமார் 34 செ.மீ. உராய்வு இரட்டிப்பானால் திருப்பம் அதற்கும் மேல் கூடுகிறது. பக்கவேகம் ஏறுவதோடு பந்து மெதுவாகிவிடுவதும் காரணம்.

3. பழையபடி 0.3 குணகம், அதே 2,000 சுற்றுகள். ஆனால் 95 கி.மீ. வேகத்தில் தட்டையாக வீசப்படுகிறது. இறங்கும் வேகம் குறைவு என்பதால் தரையை அழுத்தும் விசையும் குறைவு, முன்வேகம் தின்னும் பங்கோ அதிகம். திருப்பம் 9 செ.மீ.க்கும் குறைவு.

முதல் கணக்கையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால், "மெதுவாக, தூக்கி வீசு" என்று சுழற்பந்துப் பயிற்சியாளர்கள் ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது விளங்கும். தூக்கி வீசப்படும் பந்து செங்குத்தாக இறங்கித் தரையை அதிகம் அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும்.

உராய்வை எவ்வளவு கூட்டினாலும் ஒரு வரம்பு உண்டு. பந்து தரையைத் தொட்டிருக்கும் சில மில்லிநொடிக்குள்ளேயே வழுக்கல் முழுவதும் நின்றுபோனால், அதாவது தரை பந்தைப் பற்றிக்கொண்டால், அதற்குமேல் தள்ள உராய்வுக்கு வேலையில்லை. திண்மக் கோளம் என்ற தோராயத்தில், அப்போது கிடைக்கும் பக்கவேகம் தோல் சுற்றும் வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு. நமது பந்துக்கு நொடிக்கு 2.1 மீட்டர். குணகம் 0.6 என்ற இரண்டாவது கணக்கு இந்த வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. அதன்பின் ஆடுகளம் இன்னும் மோசமானாலும் சராசரித் திருப்பம் பெரிதாகக் கூடாது. கூடுதலாகத் திருப்ப வேண்டுமென்றால் சுற்றுகளைக் கூட்ட வேண்டும். வெடிப்புகளிலும் காலடித் தடங்களிலும் விழும் பந்து இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அங்கே தரையே சாய்ந்திருக்கிறது.

இரவில் பனி இறங்கியதும் சுழற்பந்து வீச்சாளர்கள் திணறுவதற்கும் காரணம் இதுவே. ஈரமான தோலும் ஈரப் புல்லும் உராய்வுக் குணகத்தை இறக்கிவிடுகின்றன. பந்து திரும்பாமல், வேகமும் அதிகம் இழக்காமல் வழுக்கி மட்டைக்கு வந்துவிடுகிறது. விரல்களிலும் பிடி தளர்வதால் சுற்றுகள் வேறு குறைகின்றன.

## காற்றில் வலம், தரையில் இடம்: வார்ன் வீசிய பந்து

1993 ஜூன் 4, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு. ஆஷஸ் தொடரில் ஷேன் வார்ன் வீசிய முதல் பந்து. மைக் கேட்டிங் எதிரே. பந்து முதலில் நேராக வந்தது. பிறகு காற்றிலேயே வலப்புறம் விலகி லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது. விழுந்ததும் இடப்புறம் திரும்பி, மட்டையைத் தாண்டி, ஆஃப் ஸ்டம்பின் மேல்பகுதியைத் தட்டியது. ஒரே சுழற்சி காற்றில் ஒரு பக்கமும் தரையில் மறுபக்கமும் எப்படி நகர்த்தியது?

சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் சென்று, பின்னால் விடும் காற்றை ஒரு பக்கம் சாய்த்துவிடும். அதனால் பந்துமீது ஒரு விசை பிறக்கிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். இந்த விசை சுழற்சி அச்சுக்கும் பந்து போகும் திசைக்கும் செங்குத்தாக இருக்கும். அச்சும் பயணத் திசையும் ஒரே கோட்டில் இருந்தால் விசை பூஜ்ஜியம்.

நமது லெக் ஸ்பின் பந்தின் அச்சு கிடைமட்டமாக, மட்டையாளரை நோக்கி இருக்கிறது. கையை விட்ட சற்று நேரத்துக்குப் பந்தும் ஏறக்குறைய கிடைமட்டமாகவே போகிறது. அதுவரை பக்கவிசை கிட்டத்தட்ட இல்லை. பந்து உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் பயணத் திசை கீழ்நோக்கிச் சாய்கிறது. அச்சோ கிடைமட்டத்திலேயே நிற்கிறது. இப்போது இரண்டும் ஒரே கோட்டில் இல்லை; மேக்னஸ் விசை விழித்துக்கொள்கிறது. திசையைக் கணக்கிட்டால் லெக் ஸ்பின்னுக்கு அது வலப்புறம் வருகிறது, அதாவது திரும்பப்போகும் பக்கத்துக்கு எதிர்ப்புறம். பந்து இறங்க இறங்க விசை கூடுவதால் விலகலும் பயணத்தின் பின்பகுதியிலேயே தெரிகிறது. இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள்.

ஆகவே வார்னின் பந்தில் இரண்டு தனித்தனி தந்திரங்கள் இல்லை. அச்சு முன்னோக்கி இருந்ததால் தரையில் பெரிய திருப்பம் கிடைத்தது. பந்து செங்குத்தாக இறங்கியதால் அதே அச்சு காற்றில் எதிர்ப்பக்க விலகலைத் தந்தது. கேட்டிங் வலப்புறம் விலகும் பந்தைப் பின்தொடர்ந்து காலையும் மட்டையையும் லெக் பக்கம் கொண்டுபோனார். அந்த அளவுக்கு ஆஃப் ஸ்டம்ப் திறந்துகிடந்தது.

அச்சை வேறு பக்கம் திருப்பினால் கதை மாறும். பந்து முன்னோக்கி உருளும் விதத்தில் அச்சைக் குறுக்காக வைத்தால் அது டாப் ஸ்பின். மேக்னஸ் விசை பந்தைக் கீழ்நோக்கி இழுக்கிறது. மட்டையாளர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே பந்து விழுகிறது. அடிப்பகுதி பின்னோக்கிச் சுற்றுவதால் தரையில் வழுக்கல் குறைந்து முன்வேகம் அதிகம் போவதில்லை. செங்குத்தாக இறங்கியதால் உயரமாகத் துள்ளுகிறது. பின்னோக்கிச் சுழலும் ஃபிளிப்பர் இதற்கு நேரெதிர்: காற்றில் மிதந்து எதிர்பார்த்ததைவிடத் தள்ளி விழுந்து, தட்டையாகத் தரையைத் தொட்டுத் தாழ்வாக வரும். புல் ஷாட்டுக்குப் பின்னங்காலில் போன மட்டையாளர் எல்பிடபிள்யூ ஆவது பெரும்பாலும் இந்தப் பந்தில்தான்.

பெரும்பாலான சுழற்பந்துகளில் அச்சு இந்த எல்லைகளுக்கு நடுவே எங்கோ சாய்ந்திருக்கும். கொஞ்சம் டாப் ஸ்பின், கொஞ்சம் பக்கச் சுழற்சி. பங்கு மாறினால் விழும் இடம், திருப்பம், துள்ளல் மூன்றும் சேர்ந்தே மாறும். சுற்றுகளின் எண்ணிக்கை திரையில் காட்டப்படுகிறது. அந்தச் சுற்றுகள் எந்த அச்சில் என்பதைத் தெரிந்துகொள்ள மெதுவோட்டத்தில் தையல் எந்தப் பக்கம் சாய்ந்து சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். தையல் தள்ளாடாமல் ஒரே வளையமாகத் தெரிந்து, லெக் ஸ்பின்னருக்கு முதல் ஸ்லிப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது திரும்பும் பந்து. மட்டையாளரை நேராகப் பார்த்து உருண்டால் துள்ளும் பந்து.